தேய்மானத்துல சேர்ந்த பணம் எங்க?

கிளிஞ்சல்மேட்டில் ஒரு மீன் வியாபாரிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். கூடவே மற்ற படகுகளின் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறார். ஆண்டுக் கணக்கை முடித்து பேலன்ஸ் ஷீட்டை அவரிடம் நீட்டியபோது ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, திரண்ட தேய்மானம் ரெண்டு லட்சத்து இருபதாயிரம்னு போட்டிருக்கியே. நாலு வருஷமா சேர்ந்ததுன்னு நீயே சொல்ற. அந்தப் பணம் எங்க இருக்கு? பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதே கேள்வியைப் போட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். “பேரேட்டில் வரவு இருப்பு இருக்கு சார், ஆனா பணம் இல்லை” என்பதோடு நின்றுவிடுவார்கள். பணம் இல்லாத இடத்தில் ஏன் வரவு இருப்பு? சொத்துப் பக்கத்தில் வரவு இருப்போடு ஒரு கணக்கு என்ன செய்கிறது? அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எண்களை மட்டும் உருண்டையாக மாற்றிவிட்டேன்.

படகிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் இல்லாமல் படகின் விலை 6,00,000 ரூபாய். எஞ்சினைத் தனிக் கணக்காக வைத்திருக்கிறேன், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் ஓடும் எஞ்சின் படகுக்கு முன்பே ஓய்ந்துவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எது எவ்வளவு தேய்ந்தது என்று பிற்பாடு பிரிக்க முடியாது. நிறுவனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மர உடல் கொண்ட மீன்பிடிக் கலத்துக்கு 10 ஆண்டு ஆயுள் என்கிறது. ஃபைபர் படகுக்கென்று அதில் தனி வரி இல்லை. இவர் கம்பெனியும் அல்ல, அதனால் அந்த அட்டவணை இவரைக் கட்டாது. ஆனாலும் ஒரு கைகாட்டியாக அதே பத்து ஆண்டை எடுத்துக்கொண்டோம். பத்து வருஷம் கழித்துப் பழைய படகாக விற்றால் 50,000 தேறும் என்பது அவருடைய கணிப்பு. ஆக 5,50,000 ரூபாய் பத்து ஆண்டுகளில் தேய வேண்டும். வருஷத்துக்கு 55,000.

இந்த 55,000-ஐ இரண்டு விதமாகப் பதியலாம். பழைய வழி, நேராகப் படகுக் கணக்கிலேயே வரவு வைத்துக் குறைத்துக்கொண்டே போவது. முதல் வருஷ முடிவில் படகு 5,45,000, அடுத்த வருஷம் 4,90,000, நாலாம் வருஷ முடிவில் 3,80,000. கணக்கு சரிதான். ஆனால் நாலு வருஷம் கழித்துப் பேரேட்டைப் புரட்டுகிறவருக்கு, இந்தப் படகு என்ன விலைக்கு வாங்கியது என்று தெரிய வேண்டுமானால் நாலு பழைய நோட்டுகளைத் தேட வேண்டும்.

இன்னொரு வழி, படகுக் கணக்கைத் தொடாமல் விடுவது. அது 6,00,000 பற்று இருப்போடு அப்படியே நிற்கும். பக்கத்தில் ‘திரண்ட தேய்மானம் – படகு’ என்று தனியாக ஒரு கணக்கு. ஒவ்வொரு மார்ச் 31-லும் தேய்மானச் செலவுக் கணக்குக்குப் பற்று 55,000, இந்தக் கணக்குக்கு வரவு 55,000. செலவுக் கணக்கு அந்த வருஷ இலாப நட்டக் கணக்கோடு மூடப்பட்டுவிடும். திரண்ட தேய்மானம் மூடாது, வருஷா வருஷம் ஏறும். நாலு வருஷத்தில் 2,20,000.

சொத்துகளுக்கு இயல்பாகப் பற்று இருப்பு. இதற்கு வரவு இருப்பு. ஆனாலும் இது பொறுப்பு அல்ல, யாருக்கும் தர வேண்டிய பணம் அல்ல. முதலும் அல்ல. படகுக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு, அதன் மதிப்பிலிருந்து கழிக்கப்படுவதற்காக மட்டுமே இருக்கும் கணக்கு. இப்படி ஒரு கணக்கை எதிர்த்து நிற்பதற்கென்றே திறக்கப்படுவதை எதிர்க்கணக்கு என்கிறோம். டேலியில் F4 அழுத்தினால் வரும் ‘கான்ட்ரா’ வேறு சங்கதி. அது ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே பணம் மாறுவதற்கான பதிவு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, பணம் எங்கே? வியாபாரி அண்ணனிடம் பழைய பேலன்ஸ் ஷீட்டையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். படகு வாங்கும்போது 4,00,000 கடன் இருந்தது. இப்போது 1,00,000. மூன்று லட்சம் கடன் அடைந்திருக்கிறது. கடனின் அசலைக் கட்டுவது செலவு இல்லை, அதனால் இலாப நட்டக் கணக்கில் அது வரவே வராது. தேய்மானமோ செலவாக வரும், ஆனால் அதற்காகக் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாது. வருஷத்துக்கு 55,000 வீதம் இலாபத்தைக் குறைத்துக் காட்டியும் கையில் நின்ற அந்தப் பணம்தான், இலாபத்தில் இன்னும் கொஞ்சமும் சேர்ந்து, கடன் தவணையாகப் போயிருக்கிறது.

“அப்ப படகு ஒழிஞ்சா புதுப் படகு வாங்க இதுல பணம் கிடையாதா?”

“கிடையாதுண்ணே. அதுக்கு நீங்க தனியா பேங்க்ல போடணும்.”

முகம் வாடித்தான் போனது. பழைய கணக்கியல் பாடப்புத்தகங்களில் தேய்மான நிதி முறை என்று ஒன்று உண்டு. தேய்மானத்துக்குச் சமமான தொகையை வருஷா வருஷம் வெளியே முதலீடு செய்து, சொத்து ஒழியும்போது முதலீட்டை விற்றுப் புதியது வாங்குவது. அதில் முதலீடு என்று இன்னொரு சொத்து பேலன்ஸ் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு சொத்து இல்லையென்றால், திரண்ட தேய்மானம் என்பது ‘இவ்வளவு தேய்ந்துவிட்டது’ என்ற தகவல் மட்டுமே.

அந்தத் தகவலுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். இவர் படகு பேலன்ஸ் ஷீட்டில் 3,80,000. வேறொருவர் அதே மார்ச் மாதம் சின்னதாகப் புதுப் படகு ஒன்றை 3,80,000-க்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிகர மதிப்பை மட்டும் காட்டினால் இரண்டும் ஒன்றுதான். கடன் கொடுக்க வரும் வங்கி அதிகாரிக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றில் இப்படி இருக்கும்:

படகு, வாங்கிய விலை: 6,00,000
கழிக்க: திரண்ட தேய்மானம்: 2,20,000
நிகரம்: 3,80,000

இன்னொன்றில் கழிக்க எதுவுமே இல்லை. தேய வேண்டிய 5,50,000-இல் 2,20,000 தேய்ந்திருக்கிறது, அதாவது 40 சதவீதம். பத்து ஆண்டு ஆயுளில் நாலு ஆண்டு ஓடிவிட்ட படகு என்று அந்த மூன்று வரியிலிருந்தே படித்துவிடலாம். பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். இயந்திரங்களின் மொத்த விலையில் திரண்ட தேய்மானம் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்றால், எல்லாம் பழைய இயந்திரம், சீக்கிரம் புதிதாகப் பணம் போட வேண்டியிருக்கும், அல்லது ஆயுளைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் இந்த மூன்று வரிகளை இப்போது முகப்பிலேயே தேடினால் கிடைக்காது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணை மொத்த மதிப்பு, தேய்மானம், நிகர மதிப்பு என்று முகப்பிலேயே காட்டும் வடிவத்தைத் தந்தது. 2013 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் முகப்பில் நிகரம் மட்டும்தான். உள்ளே குறிப்பு எண்ணைப் பிடித்துப் போனால், வருஷத் தொடக்க விலை, சேர்த்தது, விற்றது, வருஷ முடிவு விலை, பிறகு தேய்மானத்துக்கும் அதே வரிசை என்று ஓர் அகலமான அட்டவணை இருக்கும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தடைக்காலத்தைப் பற்றியும் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. “கரையில கெடக்குற போட்டுக்கும் தேய்மானம் போடுவீங்களா?” என்றார். அவருடையது அந்தத் தடைக்குள் வரும் பெரிய விசைப்படகு இல்லை, இருந்தாலும் கேள்வி நியாயமானது. நேர்கோட்டு முறையில் தேய்மானம் காலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, கடலுக்குப் போன நாட்களை எண்ணுவதில்லை. சும்மா கிடந்தாலும் நிற்காது. கரையில் கிடக்கிற எஞ்சின் துருப்பிடிக்காமலா இருக்கிறது? ஓடிய மணி நேரத்தை வைத்துத் தேய்மானம் கணக்கிடும் முறையும் உண்டு. அதில் மட்டும்தான் ஓடாத காலத்துக்குச் சுழியம் வரும். அதற்கு மணிக்கணக்கு எழுதிவைக்க வேண்டும், எங்கள் பக்கம் அது நடக்கிற காரியம் இல்லை.

இப்போது படகை விற்கிறார் என்று வைப்போம், 3,50,000-க்கு. புதிதாகக் கணக்கு எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். படகுக் கணக்கில் 3,50,000-ஐ வரவு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேரேட்டில் படகு 2,50,000 பற்று இருப்போடு தொங்கும். இல்லாத படகுக்குத் திரண்ட தேய்மானம் 2,20,000 வரவில் தொங்கும். இரண்டும் போக நிகரமாக 30,000. பேலன்ஸ் ஷீட் கூட்டு சரியாகவே வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. அடுத்த மார்ச்சில் பழக்க தோஷத்தில் இல்லாத படகுக்கு இன்னொரு 55,000 தேய்மானமும் விழும்.

சரியான பதிவில் இரண்டு கணக்குகளும் சேர்ந்தே போக வேண்டும். வங்கி பற்று 3,50,000. திரண்ட தேய்மானம் பற்று 2,20,000. படகு வரவு 6,00,000. மிச்சம் 30,000 விற்பனை நட்டம், அது பற்று. படகும் போயிற்று, அதன் எதிர்க்கணக்கும் போயிற்று. 2004 டிசம்பர் 26-இல் இந்தக் கரையில் படகு இழந்தவர்களின் கணக்கை முறைப்படி எழுதுவதாக இருந்தாலும் இதே பதிவுதான், விற்ற பணம் இருக்கும் இடத்தில் கிடைத்த நிவாரணமோ காப்பீடோ வரும். வாங்கிய விலையும் தேய்ந்ததும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், போனது எவ்வளவு என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

படகு முடிந்தது. அடுத்தது பாக்கி. மீன் வியாபாரத்தில் படகைவிட இதுதான் தலைவலி.

மீன் காத்திருக்காது. ஏலத்தில் எடுத்த மீனை அன்றைக்கே வண்டியேற்ற வேண்டும், பணம் பிறகு வரும். மார்ச் 31 அன்று அண்ணனுக்கு வெளியூர்களிலிருந்து வர வேண்டியது 5,00,000. இது முழுக்க வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் யாருடைய பாக்கி வராது என்பது இன்னும் தெரியாது. அதனால்தான் கடனாளிகளின் தனிக் கணக்குகளைத் தொட முடியாது. யாருடைய கணக்கில் குறைப்பது? குறைத்த பிறகு அந்த ஆளிடம் போய் முழுப் பாக்கியைக் கேட்பது எப்படி? இதற்கென்று ‘ஐயக்கடன் ஒதுக்கீடு’ என்று ஒரு வரவுக் கணக்கைத் திறக்கிறோம். இதுவும் எதிர்க்கணக்குதான், கடனாளிகளுக்கு எதிரே நிற்கிறது.

எவ்வளவு ஒதுக்குவது? மொத்தத்தில் ஐந்து சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது பாடப்புத்தகப் பழக்கம். நாங்கள் பாக்கியின் வயதைப் பார்த்தோம். ஒரு மாதத்துக்கு உட்பட்டது 3,00,000. இது வந்துவிடும், ஒரு சதவீதம் போதும், 3,000. ஒன்று முதல் மூன்று மாதம் வரை 1,20,000. ஐந்து சதவீதம், 6,000. மூன்று முதல் ஆறு மாதம் வரை 50,000. இருபது சதவீதம், 10,000. ஆறு மாதம் தாண்டியது 30,000. அறுபது சதவீதம், 18,000. கூட்டினால் 37,000. இந்தச் சதவீதங்கள் எந்தச் சட்டத்திலும் இல்லை. அவருடைய பழைய நோட்டுகளைப் பார்த்து, எந்த வயதுப் பாக்கியில் எவ்வளவு போனது என்று கணக்கிட்டு வைத்தவை.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி தவறுவது. ஒதுக்கீட்டுக் கணக்கில் போன வருஷத்து இருப்பாக 22,000 ஏற்கெனவே இருக்கிறது. தேவை 37,000. அப்படியானால் இந்த வருஷம் செலவாக எழுத வேண்டியது 15,000 மட்டுமே. முழு 37,000-ஐயும் இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்தால் ஒதுக்கீடு 59,000 ஆகிவிடும், இலாபம் 22,000 குறைந்து தெரியும்.

கடனாளிகள் 5,00,000, கழிக்க ஐயக்கடன் ஒதுக்கீடு 37,000, நிகரம் 4,63,000. இப்படித்தான் பேலன்ஸ் ஷீட்டில் வரும்.

சில மாதம் கழித்து, 18,000 பாக்கி வைத்திருந்த ஒரு வெளியூர் வியாபாரி கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒதுக்கீட்டுக் கணக்குக்குப் பற்று 18,000, அந்த ஆளின் கணக்குக்கு வரவு 18,000. இதைச் சொன்னதும் அண்ணன் கேட்டார்: “இந்த வருஷ லாபத்துல அடிக்குமா?” அடிக்காது. கடனாளிகள் 4,82,000 ஆகும், ஒதுக்கீடு 19,000 ஆகும், நிகரம் பழையபடி 4,63,000. நட்டத்தைப் போன வருஷமே சந்தேகமாக எழுதிவிட்டோம், இப்போது அதற்குப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம். பூட்டிக்கொண்டு போனவர் பிறகு மனம் திரும்பி 8,000 கொண்டுவந்து கொடுத்தால், அந்த அளவுக்கு முதலில் தள்ளுபடிப் பதிவைத் திருப்பிவிட்டுப் பிறகு பணத்தைப் பதிய வேண்டும். நேராக ‘இதர வருமானம்’ என்று போட்டால் அந்த ஆளின் கணக்கில் அவர் கட்டியதற்கு அடையாளமே இருக்காது.

டேலியில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒதுக்கீட்டுக்குப் புதுக் கணக்கு திறக்கும்போது குழு கேட்கும். பட்டியலில் `Provisions` என்று ஒன்று தயாராக இருப்பதைப் பார்த்து அதைத் தட்டிவிடுகிறார்கள். அது `Current Liabilities`-க்குக் கீழே இருக்கும் குழு. விளைவு, ஒதுக்கீடு பொறுப்புப் பக்கத்தில் போய் உட்காரும், கடனாளிகள் முழு 5,00,000-மாகச் சொத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் 37,000 உப்பியிருக்கும். `Sundry Debtors`-க்குள் போட்டால் பக்கம் சரியாகும், ஆனால் பாக்கிப் பட்டியலில் ‘ஐயக்கடன் ஒதுக்கீடு’ என்ற பெயரில் ஒரு வியாபாரி முளைத்து நிற்பார். நான் `Current Assets`-க்குக் கீழே தனியாக ஒரு குழு திறந்து அதில் வைக்கிறேன். திரண்ட தேய்மானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, `Fixed Assets` குழுவிலேயே வைத்துவிடலாம்.

பக்கம் மாறி உட்கார்ந்தால் என்ன, கூட்டு ஒன்றுதானே என்று தோன்றும். 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மூன்றே மாத இடைவெளியில் கொடுத்த இரண்டு தீர்ப்புகளைப் படித்தால் அப்படித் தோன்றாது.

பின்னணி இது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36(1)(vii) பிரிவு, கணக்கில் தள்ளுபடி செய்த வாராக்கடனைக் கழிக்க அனுமதித்தது. வெறும் ஒதுக்கீடு தள்ளுபடி ஆகாது என்று 2001-இல் ஒரு விளக்கம் சேர்த்து, அதை 1989 ஏப்ரல் 1 முதலே செல்லும்படி ஆக்கினார்கள்.

2010 ஜனவரியில் சதர்ன் டெக்னாலஜீஸ் வழக்கு தீர்ந்தது. அது ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம். வாராக்கடன் ஒதுக்கீடாக 81,68,516 ரூபாயை இலாப நட்டக் கணக்கில் எழுதி, அதற்கு வரிக் கழிவு கேட்டது. ரிசர்வ் வங்கியின் விதிப்படிதானே ஒதுக்கினோம் என்பது அதன் வாதம். அந்த 1998 விதிகள், ஒதுக்கீட்டைச் சொத்து மதிப்பில் கழித்துக் காட்டாமல் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. ரிசர்வ் வங்கி விதிகள் எப்படிக் காட்டுவது என்பதற்குத்தான், வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடுவதற்கு அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கழிவு கிடைக்கவில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் விஜயா வங்கி வழக்கு. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி கபாடியாதான். விஜயா வங்கியும் ஒதுக்கீட்டை இலாப நட்டக் கணக்கில் பற்று எழுதியது. ஆனால் அதோடு நிற்காமல், பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கத்தில் கடன்கள் தொகையிலிருந்து அதே தொகையைக் குறைத்து, நிகரத்தை மட்டும் காட்டியது. ஒவ்வொரு கடனாளியின் தனிக் கணக்கையும் மூடவில்லையே, அது எப்படித் தள்ளுபடி ஆகும் என்றது வரித்துறை. மூட வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். தனிக் கணக்கை மூடிவிட்டால், பணத்தைக் கேட்டு வங்கி வழக்குப் போடும்போது ‘நீங்களே தள்ளுபடி செய்துவிட்டீர்களே’ என்று கடனாளி திருப்பிக் கேட்பான் என்ற நடைமுறைச் சிக்கலையும் அது பேசியது. பிறகு பணம் வசூலானால் 41(4) பிரிவில் அது வருமானமாகி வரிக்கு உள்ளாகும், அரசுக்கு நட்டமில்லை என்றும் சொன்னது. கழிவு கிடைத்தது.

இரண்டிலும் இலாப நட்டக் கணக்கில் விழுந்த பதிவு ஒரே மாதிரி. வேறுபட்டது அதன் மறுபாதி எங்கே போய் நின்றது என்பதுதான். கடன் தொகையில் கழிந்து நிகரம் மட்டும் நின்றபோது தள்ளுபடி, கழியாமல் தனியே நின்றபோது வெறும் ஒதுக்கீடு. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. படிக்கிறவருக்கு அதிகம் சொல்லும் வடிவம் மொத்தத்தையும் ஒதுக்கீட்டையும் தனித்தனியே காட்டுவதுதான். வரியில் வென்றதோ, கழித்து நிகரமாக்கிய வடிவம்.

கிளிஞ்சல்மேட்டு வியாபாரி விஜயா வங்கித் தீர்ப்பை நம்பிக் காரியம் செய்ய வேண்டாம். அவருக்குத் தகராறில்லாத வழி, ஆள் பெயர் சொல்லித் தள்ளுபடி செய்வது. அதே 2010 பிப்ரவரியில் டி.ஆர்.எஃப். வழக்கில், கடன் உண்மையிலேயே வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கணக்கில் தள்ளுபடி செய்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விற்பனை முன்பே வருமானமாகக் கணக்கில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அண்ணனின் வரிக் கணக்கில் இந்த வருஷத்து 15,000 ஒதுக்கீட்டைத் திரும்பச் சேர்த்துக் காட்ட வேண்டும், கழிவு கிடையாது. அடுத்த வருஷம் அந்த ஆளின் 18,000 தள்ளுபடி ஆகும்போது அதைக் கழிக்கலாம். ஆனால் அது ஒதுக்கீட்டுக் கணக்கில் பற்று ஆகிறதே தவிர இலாப நட்டக் கணக்குக்கு வரவே வராது. வரிக் கணக்குப் போடுகிறவர் இலாப நட்டக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த 18,000 கண்ணில் படாது, நியாயமாகக் கிடைக்க வேண்டிய கழிவு போய்விடும். ஒதுக்கீட்டுப் பேரேட்டின் பற்றுப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தாக வேண்டும். மொத்த விற்பனையில் இவ்வளவு சதவீதம் இலாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கழிவெல்லாம் தனியாகக் கிடையாது. அவர்களுக்கு இந்தக் கணக்கின் பயன் வங்கிக் கடனுக்கும் பங்காளி பிரிவினைக்கும்தான்.

தேய்மானத்திலும் வரிக் கணக்கு தனி உலகம். அங்கே எதிர்க்கணக்கே கிடையாது. ஒரே விகிதம் உள்ள சொத்துகளையெல்லாம் ஒரு தொகுப்பாக்கி, குறைந்து செல்லும் மதிப்பின் மேல் சதவீதம் போட்டுக் கழித்துக்கொண்டே போவார்கள்; மர உடல் மீன்பிடிக் கலங்களுக்கு அது 20 சதவீதம். படகை விற்ற பணமும் தொகுப்பில் கழியும். பேலன்ஸ் ஷீட்டின் 3,80,000-மும் வரிக் கணக்கின் எண்ணும் ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த மார்ச்சில் கணக்கு முடிக்கும் முன்பு, உங்கள் இருப்பாய்வில் இந்த இரண்டு கணக்குகளையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வரவுப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஐயக்கடன் ஒதுக்கீடு பற்றில் நின்றால், ஒதுக்கியதைவிட அதிகமாகத் தள்ளுபடி செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தக் குறையையும் சேர்த்துத்தான் இந்த வருஷச் செலவை எழுத வேண்டும். பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, ஒதுக்கீடு மட்டும் இறங்குகிறது என்றால், வசூல் உண்மையிலேயே சீராகியிருக்கிறதா, இல்லை இலாபத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக யாரோ சதவீதத்தைக் குறைத்தார்களா என்று கேளுங்கள். திரண்ட தேய்மானம் வாங்கிய விலையைத் தாண்டியிருந்தால், விற்ற சொத்து ஏதோ ஒன்றின் எதிர்க்கணக்கு இன்னும் மூடப்படவில்லை, அல்லது தேய்ந்து முடிந்த சொத்துக்கு இன்னும் தேய்மானம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.